இரண்டு மாதம் தாங்கும் டின்

தெருவில் அவளுக்கு லேபிள் அக்கா என்றுதான் பெயர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது, ஆனால் அதைக் கூப்பிட அவள் அப்பாவை விட்டால் ஆள் இல்லை. பிஸ்கட் ஃபாக்டரியில் லேபிள் எழுதுகிற வேலை. வேலை என்றால் வேலையோடு விட்டாளா? சோப்பு வாங்கினால் உறையைத் திருப்பிப் படிப்பாள். பல் தேய்க்கும்போது டியூப்பின் முதுகைப் படிப்பாள். கல்யாண வீட்டுக்குப் போனால் தாம்பூலப் பையில் இருக்கும் மிட்டாயின் காகிதத்தைப் பிரித்து, "இதுல பால் இருக்குன்னு எங்கயுமே போடல பாருங்க" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்வாள். மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர் பாவம், மிட்டாயைப் பார்க்க வேண்டியதாகிவிடும்.

இந்தப் பைத்தியம் அவளைச் சும்மா பிடிக்கவில்லை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு பேக்கிங் பிரிவில்தான் முதலில் சேர்ந்தாள். லேபிள் எழுத என்று தனியாக யாரும் இல்லாத காலம் அது. முதலாளி ஃபோனில் சொல்வதை அச்சுக்கூடத்துக்காரன் எழுதிக்கொள்வான். ஒருமுறை எள் பிஸ்கட் அட்டையின் பொருள் பட்டியலில் எள்ளையே காணோம். அதை அவள் பார்த்துச் சொல்ல, "சரி, இனிமே நீயே எழுதிக்கோ" என்று முதலாளி எரிச்சலோடு சொன்னார். அந்த எரிச்சல்தான் அவளுக்கு உத்தியோக உயர்வு. அன்றிலிருந்து ஃபாக்டரியை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருக்கிற எழுத்து அவளுடையது. அச்சடிக்கும் முன் சரிபார்க்க வருகிற ப்ரூஃப் காகிதத்தில் அவள் கையெழுத்து விழாமல் எதுவும் அச்சுக்குப் போகாது.

கணவர் கிடைத்ததும் லேபிளால்தான். அவர் அட்டை, டப்பா எல்லாம் வரைந்து கொடுக்கிற ஆர்ட்டிஸ்ட். ஊரும் அவரை ஆர்ட்டிஸ்ட் என்றே கூப்பிட்டது. முதன்முதலில் ஃபாக்டரிக்கு ஒரு டிசைன் கொண்டுவந்தார். முன்பக்கம் முழுக்கப் பூ, பின்பக்கம் முழுக்கப் பூ. "பூவெல்லாம் சரிங்க. உள்ள என்ன இருக்குன்னு எங்க எழுதறது? பூ மேலயா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். ஆறாவது டிசைனுக்குள் கல்யாணப் பேச்சு வந்துவிட்டது. வீட்டின் முன்னறையில் அவர் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டார். அவள் எழுத, அவர் அழகாகப் போட, பதினாறு வருஷம் ஓடிவிட்டது. பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் அவள், "எங்க பிள்ளைங்க எல்லாம் கடை ஷெல்ஃப்ல வரிசையா நிக்குது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

இந்த வருஷம் பண்டிகைக்கு முதலாளிக்கு ஒரு ஆசை வந்தது. தகர டின். மேலே தங்க நிறம், உள்ளே மூன்று தினுசு: வெண்ணெய் பிஸ்கட், சர்க்கரை பூசிய முந்திரி, எள்ளும் வால்நட்டும் சேர்த்துச் செய்த பார். இந்தப் பண்டிகைக்கு மட்டும், குறைந்த எண்ணிக்கை. தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று விளம்பரம். டின்னில் ஒரு சிக்கல் உண்டு. காகித லேபிளை நாளைக்கு மாற்றி ஒட்டலாம். டின்னுக்கு எழுத்தையெல்லாம் தட்டையான தகரத்திலேயே அச்சடித்து, அதற்கப்புறம்தான் வளைத்து டின் ஆக்குவார்கள். அச்சான பிறகு ஒரு புள்ளியைக்கூட எடுக்க முடியாது. அதனால் எழுத்து முன்னாடியே முடிவாக வேண்டும்.

அந்த எழுத்துக்காக முதலாளியும் அவளும் மூன்று சண்டை போட்டார்கள். முதல் சண்டை பொருள் பட்டியலுக்கு.

"முந்திரியை முதல்ல போடு" என்றார் முதலாளி.

"எடை அதிகமா இருக்கறதுதான் சார் முதல்ல வரணும். கோதுமை மாவு, சர்க்கரை, வெண்ணெய். அப்புறம்தான் முந்திரி."

"மாவுன்னு ஆரம்பிச்சா யார் வாங்குவா?"

"மாவை ஜாஸ்தி போட்டது யாரு சார்? நானா?"

அதில் அவள் ஜெயித்தாள். கோதுமை, பால், எள், முந்திரி, வால்நட் ஐந்தும் தடித்த எழுத்தில் வந்தன. ஒத்துக்கொள்ளாதவர்கள் பார்த்ததும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.

இரண்டாவது சண்டை பரிசு வாசகத்துக்கு. மூடியில் ஒரு வரி வேண்டும் என்றார் முதலாளி. 'அம்மாவின் கைப்பக்குவம்' என்று அவரே எழுதியும் வைத்திருந்தார். "எந்த அம்மா சார்? மிஷினா?" என்றாள். அந்தக் காகிதம் குப்பைக்குப் போனது. அவள் வீட்டில் கொடியில் காய்ந்த துணியை மடிக்கும்போது யோசித்து ஒரு வரி எழுதினாள்: 'நல்லதாகப் பார்த்து உங்களுக்கென்று எடுத்து வைத்தேன்.' அதற்குக் கீழே ஒரு கோடு. கொடுக்கிறவர் தன் பெயரை அதில் எழுதிக்கொள்ளலாம். ஆர்ட்டிஸ்ட் அதைப் படித்துவிட்டு, "இத்தனை வருஷத்துல நீ எழுதினதுலயே இதுதான்டி" என்றார். அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. முதலாளிக்கும் பிடித்துப்போயிற்று.

மூன்றாவது சண்டைதான் சண்டை. எத்தனை நாள் தாங்கும் என்பது.

ஒரு டின்னில் மூன்று பண்டம் இருந்தால், மூன்றில் எது முதலில் கெடுமோ அதன் ஆயுள்தான் டின்னின் ஆயுள். பிஸ்கட் ஆறு மாதம் நிற்கும். முந்திரியும் நிற்கும். வால்நட் நிற்காது. அதில் எண்ணெய் அதிகம். டின்னில் காற்றும் அதிகம். எண்ணெயும் காற்றும் சேர்ந்தால் சிக்கு வாடை வந்துவிடும், தொண்டையில் காறும். அவள் மாதிரி டின்களை அலமாரியில் அடுக்கி வைத்து, வாரம் ஒன்றாகத் திறந்து மோந்து பார்த்தாள். பேக்கிங் மேஸ்திரியும் கூட நின்று கடித்துப் பார்த்தார். ஒன்பதாவது வாரம் மேஸ்திரி பாரைக் கடித்துவிட்டு, "அக்கா, போன வருஷத்து தலை எண்ணெய் மாதிரி இருக்கு" என்றார். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியதிலும் எண்ணெய் கெட ஆரம்பித்துவிட்டது என்றே வந்தது. 'பேக் செய்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உண்பது நல்லது' என்று எழுதிவிட்டாள்.

"இரண்டு மாசமா?" முதலாளி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "கடைக்காரன் ஷெல்ஃப்லயே ஏத்த மாட்டான். நாலு போடு."

"நாலு தாங்காது சார். ஒண்ணு பண்ணலாம். பாரைத் தனியா காத்துப் புகாத பையில போட்டு டின்ல வைக்கலாம். இல்ல, வால்நட்டை எடுத்துடலாம்."

"பைக்கு மிஷின் இல்ல. வால்நட் இல்லேன்னா இது வெறும் பிஸ்கட் டின். நாலு மாசம் யார் வெச்சிருந்து தின்னப்போறான்? வாங்கின அன்னிக்கே காலி."

"அப்ப இரண்டுன்னு போட்டா என்ன சார் நஷ்டம்?"

முதலாளி மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கடைசியில் கையை உதறிவிட்டு, "லேபிள் மேடம் சொன்னா சரிதான்" என்றார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்பாவி.

அந்த வாரமே அவள் அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, உடனே ஆபரேஷன் என்றார்கள். லீவு சொல்லக்கூட நேரமில்லை. மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே நீளமான வராந்தா, ஸ்டீல் பெஞ்சு. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பாள். யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போவார்கள். மறுபடி உட்காருவாள்.

ஆர்ட்டிஸ்ட் அன்று சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். ஃப்ளாஸ்க்கில் காபி கொண்டுவந்திருந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்றார். அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகு, அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, அவள் மடியில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைலின் மேல் வைத்தார்.

"டின்னோட கடைசி ப்ரூஃப். இன்னிக்கே தகர அச்சுக்குப் போகணுமாம். உன்னை இப்ப தொந்தரவு பண்ணவே மனசில்ல. இங்க ஒண்ணு போட்டுடு."

அவர் விரல் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டியது. அவள் போட்டாள். பல் டியூப்பைக்கூடப் படிக்காமல் விடாதவள், அதைப் படிக்கவில்லை. நீட்டியது முதலாளியாக இருந்தால் படித்திருப்பாள். மேஸ்திரியாக இருந்தாலும், அப்பாவையே ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய்க்கொண்டிருந்தாலும், "ஒரு நிமிஷம்" என்று படித்திருப்பாள். நீட்டியது அவள் கணவர்.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் தனியாக எழுந்து நடக்க முடியவில்லை. அவளிடமே வைத்துப் பார்த்துக்கொண்டாள். லீவு நீண்டது. டின் அச்சாகி வந்தது, பேக் ஆனது, கடைக்குப் போனது எல்லாம் அவள் இல்லாமலே நடந்தது. வழக்கமாக ஃபாக்டரியிலிருந்து முதல் டப்பா வெளியே வந்தால் ஆர்ட்டிஸ்ட் அதைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுவார். இந்த முறை கேட்டதற்கு, "எல்லாம் வித்துப்போச்சு, ஒண்ணுகூட மிஞ்சல" என்றார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவிடம் போய், "நான் எழுதின டின் அத்தனையும் வித்துப்போச்சுப்பா" என்று பெருமையடித்துக்கொண்டாள்.

பண்டிகை வந்து போயிற்று. அப்பா தன் கையால் சாப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் மத்தியானம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கையில் தங்க நிற டின்னோடு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, நீங்க இந்த ஃபாக்டரிலதானே இருக்கீங்க? இதைக் கொஞ்சம் பாருங்க. என் தங்கச்சி கொடுத்தா. இன்னிக்கு வீட்டுக்கு ஆள் வந்தாங்கன்னு இப்பதான் திறந்தேன். வாயில வைக்க முடியல. வந்தவங்க துப்பிட்டாங்க. எனக்கு உயிரே போயிடுச்சு."

லேபிள் அக்கா டின்னை வாங்கினாள். மூடியில் அவள் வரி. கோட்டின் மேல் தங்கையின் பெயர், நீல மையில், சின்னச் சின்ன எழுத்தில். திறந்து மோந்தாள். சிக்கு வாடை மூக்கில் அறைந்தது.

"கெட்டுப்போச்சு. தூரப் போட்டுடுங்க. தேதி முடிஞ்சிருக்கும், நீங்க பார்த்திருக்க மாட்டீங்க."

"பார்க்காம இருப்பேனா? தேதி நிறைய இருக்கே அக்கா. அதனாலதான் சொல்றேன். அவ வீட்லயே மூடியைத் திறந்து வெச்சிட்டு, மிச்சத்தை எனக்குத் தள்ளிட்டா. அவ எப்பவும் அப்படித்தான், எனக்குன்னா பழசு. அதுல எழுத்து வேற, நல்லதாப் பார்த்து எடுத்து வெச்சேனாம்! ஃபோன் போட்டு நல்லா நாலு கேட்டுட்டேன். இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன்."

லேபிள் அக்கா டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அடியில் புள்ளிப் புள்ளியாக பேக் செய்த தேதி இருந்தது. கணக்குப் போட்டாள். பத்து வாரம். அதற்கு மேலே, அவள் எழுதிய வாக்கியம், அவள் எழுதிய வரிசையில்: 'பேக் செய்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் உண்பது நல்லது.'

இரண்டாவது தடவை படித்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். தகரத்தில் அச்சானது தேய்த்தால் போகுமா?

"உங்க தங்கச்சி மேல தப்பில்ல" என்றாள். "டின்னைத் திறந்தே வெச்சிருக்க மாட்டா. இது இரண்டு மாசம்தான் தாங்கும். நாலுன்னு தப்பா அச்சாயிருக்கு. முதல்ல அவளுக்கு ஃபோன் பண்ணுங்க."

"நிஜமாவா?"

"நான்தான் இதை எழுதினேன். எனக்குத் தெரியாதா?"

தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, அவளை என்னென்னமோ சொல்லிட்டேனே" என்று ஓடினாள். லேபிள் அக்கா டின்னோடு ஃபாக்டரிக்கு நடந்தாள். அச்சுக்கூடத்துக்காரன்தான் குளறுபடி செய்திருப்பான் என்று வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனாள். ஒரே ஒரு வார்த்தை மாறுவதற்கு எத்தனையோ வழி இருக்கிறது, பழைய ஃபைலை எடுத்திருப்பான், கவனமில்லாமல் ஒட்டியிருப்பான். அவளுக்கு வேறு யார் மேலும் சந்தேகமே வரவில்லை.

பேக்கிங் மேஸ்திரி அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "அப்பா எப்படி இருக்காரு அக்கா?" என்றார். டின்னைக் காட்டினாள். அவர் முகம் மாறியது.

"நானும் கேட்டேன் அக்கா. முதல் டின் வந்ததுமே எடுத்துப் பார்த்தேன். என்னடா, நாம ஒன்பதாவது வாரமே துப்பினோமே, நாலுன்னு போட்டிருக்கேன்னு முதலாளிகிட்ட கேட்டேன். உங்க ப்ரூஃபைக் காட்டினாரு. உங்க கையெழுத்து இருந்துச்சு. அக்காவே போட்டிருக்காங்கன்னா ஏதோ காரணம் இருக்கும்னு பேக் பண்ணிட்டேன்."

ப்ரூஃபை எடுத்து வந்து மேஜையில் விரித்தார். டின்னின் தோலை உரித்து வைத்த மாதிரி அத்தனை எழுத்தும் அதில் இருந்தன. பொருள் பட்டியல், தடித்த எழுத்தில் ஐந்து பெயர், மூடி வரி, எல்லாம் சரி. நான்கு மாதம். கீழே அவள் கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் மட்டும் கொஞ்சம் கோணலாக இழுத்திருந்தது. ஃபைலை மடியில் வைத்துப் போட்டால் அப்படித்தான் இழுக்கும். அவளுக்கு ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வந்தது, காபியின் வாசனையோடு.

முதலாளி கதவருகே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"சார், நான் எழுதிக் கொடுத்தது இரண்டு."

"நீ கையெழுத்துப் போட்டது நாலு" என்றார் அவர். பிறகு கொஞ்சம் இறங்கி, "இதோ பாரும்மா, நீ ஒத்துக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். நாலுன்னு மாத்த உன் வீட்டுக்காரர்கிட்டதான் சொன்னேன். நான் பார்த்துக்கறேன், அவகிட்ட கையெழுத்து வாங்கித்தர்றேன்னார். உங்களுக்குள்ள பேசிக்கிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார்.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்பட வேண்டியது அவர் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆர்ட்டிஸ்ட் முன்னறையில் வேலையாக இருந்தார். உள்ளே அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் டின்னைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் பார்த்தார். உடனே பேசியிருந்தால்கூட அவளுக்குப் பாதி ஆறியிருக்கும். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதான் நீட்டினீங்களா?"

"ஒரு வார்த்தைதானே..."

"அது இருக்கட்டும். தெரிஞ்சுதான் என்கிட்ட நீட்டினீங்களா?"

"முதலாளி விடாம நச்சரிச்சாரு. உன்கிட்ட சொன்னா நீ அங்கயே சண்டைக்கு நிப்ப. உங்கப்பா உள்ள கிடக்கறாரு. அந்த நேரத்துல உனக்கு அந்தத் தலைவலியும் எதுக்குன்னு நினைச்சேன். உனக்காகத்தான்."

"எனக்காக!"

"கத்தாதே, மாமா காதுல விழும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதோட நான் ஒண்ணும் மறைக்கலியே. நாலுன்னு பளிச்சுன்னு போட்டுத்தானே கொண்டுவந்தேன். நீ படிச்சிருக்கலாமே. நீ படிப்பேன்னுதான் நினைச்சேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவள் படிக்க மாட்டாள் என்று உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். ஏன் படிக்க மாட்டாள் என்பதும் அந்த ஒருவருக்குத்தான் தெரியும். அந்தத் தெரிதலை எடுத்துக்கொண்டு வந்து, காபியைக் கொடுத்து, கையைப் பிடித்து, அழ விட்டு, அழுது முடிகிற வரைக்கும் காத்திருந்து காகிதத்தை நீட்டியிருக்கிறார். அந்தத் தோளில் சாய்ந்தபோது அந்தக் காகிதம் பையில் இருந்திருக்கிறது. அந்த ஒரு நினைப்பை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"முதலாளி வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னாரு" என்று அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். "என்னம்மா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார் அப்பா. "வெயில்லப்பா" என்றாள்.

மறுநாள் முதலாளி முன்னால் போய் நின்றாள். விற்றுப்போன டின்களுக்குக் கடைகளில் அறிவிப்பு ஒட்ட வேண்டும், ஷெல்ஃபில் மிஞ்சியதைத் திரும்ப எடுக்க வேண்டும், டின் மொத்தமாக வாங்கிய ஆபீஸ்களுக்குச் சொல்ல வேண்டும் என்றாள்.

"பைத்தியமா உனக்கு? கொஞ்சம் காறினா யாராவது செத்தா போயிடுவாங்க?"

"சாக மாட்டாங்க சார். மூடியில யார் பேர் இருக்கோ, அவங்க மேல மனசு கசந்துடும். என் பக்கத்து வீட்ல நடந்தாச்சு. எத்தனை வீட்ல நடந்துதோ?"

"நான் போடலேன்னா?"

"உணவுப் பாதுகாப்பு ஆபீஸுக்கு நானே எழுதுவேன்."

"எழுதினா முதல்ல உன்னைத்தான் கூப்பிடுவாங்க. கையெழுத்து உன்னோடது."

"ஆமா சார். அதையும் சேர்த்துத்தான் எழுதுவேன்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் போட்டார். கடைசியில், "சரி, போட்டுத் தொலை. ஆனா தப்பு ஃபாக்டரியோடதுன்னு வரக்கூடாது. சரிபார்த்த உன்னோடதுன்னு வரணும். இனிமே லேபிளை வேற யாராவது பார்க்கட்டும். நீ பேக்கிங்குக்கே போயிடு" என்றார்.

அவள் வாதாடவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டது அவள்தான், அதில் பொய் இல்லை. உட்கார்ந்து எழுதினாள். அவள் எழுதப்போகிற கடைசி லேபிள் அது என்று தெரிந்தே எழுதினாள். 'எங்கள் பண்டிகை டின்னில் நான்கு மாதம் என்று அச்சாகியிருப்பது தவறு. இரண்டு மாதமே சரி. இரண்டு மாதம் தாண்டியதை உண்ண வேண்டாம். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கலாம். உங்களுக்கு இதைக் கொடுத்தவர் நல்லதென்று நம்பித்தான் கொடுத்தார்.' அதற்குக் கீழே, சரிபார்த்ததில் தவறியவர் என்று போட்டுத் தன் முழுப் பெயரை எழுதினாள்.

காகிதம் அச்சுக்குப் போகும் முன் எப்போதும் போல ஆர்ட்டிஸ்டிடம்தான் வந்தது. சாயங்காலம் அவள் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூடத்தில் நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் அவர் அதைப் போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. கடைசி வரி வரைக்கும் வந்துவிட்டார் என்பதும், கீபோர்டு சத்தம் நின்றதிலிருந்து தெரிந்தது. அவள் அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். முன்னறையிலிருந்து அவர் எழுந்து வருவார் என்று ஏனோ தோன்றியது. 'உன் பேருக்குக் கீழ என் பேரையும் போட்டுடறேன்' என்று சொல்வார். சொல்லிவிட்டால் போதும். முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார், அந்தப் பெயர் அச்சாகவும் போவதில்லை. ஆனாலும் அவர் சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். அந்த வராந்தாவில் கதவு திறக்கக் காத்திருந்த மாதிரியே காத்திருந்தாள்.

அவர் எழுந்து வந்தார். கையில் ப்ரூஃப் இருந்தது.

"என் பேரு எங்கயும் வரலியே?" என்று மெதுவாகக் கேட்டார். "உணவுப் பாதுகாப்பு ஆபீஸுக்கு எதுவும் தனியா எழுதலியே நீ?"

"இல்ல."

அவர் மூச்சை விட்டார். நெற்றிச் சுருக்கம் விரிந்தது. தோள் இறங்கியது. நிம்மதி. பதினாறு வருஷமாகப் பார்த்த முகம், அதில் இவ்வளவு நிம்மதியை அவள் பார்த்ததே இல்லை. தன் கோபத்தை அவளால் தாங்க முடிந்தது, அவர் சாக்குப்போக்கைத் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

"இங்க ஒண்ணு போட்டுடு" என்று அவர் காகிதத்தை நீட்டினார். "நீ எழுதினபடியே அப்படியே போட்டிருக்கேன். படிக்கவே வேண்டாம்."

அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு புள்ளியாக, விரலை வைத்துப் படித்தாள். அவர் பேனாவைக் கையில் பிடித்தபடி எதிரே நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.